புருவத்தில் தொடங்கும் கணக்கு

வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்றொரு பலகை. இப்படி ஒரு பியூட்டி பார்லரைத் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் நாலு தெருவுக்கு ஒன்றாகப் பார்க்கலாம். பலகை வெயிலில் வெளுத்துப்போய், பார்லர் நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடக்கும் வீடுகளையும் அதே தெருக்களில் பார்க்கலாம். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே மாதிரிப் பயிற்சி எடுத்திருப்பார்கள், ஒரே கடையில் க்ரீம் வாங்கியிருப்பார்கள். ஒருத்தி எதை நம்பித் தொழிலைத் தொடங்கினாள், மற்றவள் எதை நம்பினாள் என்பதில்தான் வேறுபாடு.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மணப்பெண் அலங்காரத்தை நம்புகிறார்கள். ஒரு கல்யாணத்துக்குப் பல ஆயிரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முகூர்த்தம் எல்லா மாதமும் வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஒரு மணப்பெண்ணுக்கு ஒரே கல்யாணம், அவள் அடுத்த மாதம் திரும்பி வரப்போவதுமில்லை. கரண்ட் பில்லும் வங்கித் தவணையும் மட்டும் மாதம் தவறாமல் வரும். ஆகவே மாதம் தவறாமல் வரும் வேலை ஒன்று வேண்டும். வீட்டுப் பார்லருக்கு அந்த வேலை ஐப்ரோ, அதாவது நூலால் புருவம் திருத்துவது.

திருத்திய புருவத்தில் 15 முதல் 20 நாளுக்குள் ஓரத்து முடி மீண்டும் தலைகாட்டும். ஆடி என்றும் ஆவணி என்றும் முடி பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறவர், கல்லூரி மாணவி, பள்ளி ஆசிரியை என்று யாராக இருந்தாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாற்காலியில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண் தன் முகத்தை உங்கள் கையில் ஒப்படைக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கை பிடித்துப்போனால்தான் வாக்ஸிங், ஃபேஷியல், முடி வெட்டு என்று அடுத்ததைக் கேட்பாள். மணப்பெண் அலங்காரமும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். ஐந்து வருடமாக ஐப்ரோவுக்கு வந்த பெண், தன் தங்கை கல்யாணத்துக்கு வேறு ஆளைத் தேட மாட்டாள்.

கை படியும் வரை பயிற்சி

பயிற்சி தரும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. அரசு ஐ.டி.ஐ.களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. கிராமப்புறப் பெண்களுக்கு இன்னொரு நல்ல வழி, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். அங்கே ஒரு மாத அளவிலான பார்லர் பயிற்சி, சாப்பாடு தங்குமிடத்தோடு இலவசமாகக் கிடைக்கும். முடித்த பிறகு வங்கிக் கடன் கேட்கவும் அவர்களே வழிகாட்டுவார்கள். தனியார் பயிற்சிக் கட்டணம் சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும்.

எங்கே சேர்ந்தாலும் கட்டணத்துக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "நான் எத்தனை பேருக்கு என் கையால் செய்வேன்?" சான்றிதழில் முப்பது வகைச் சேவைகளின் பெயர் இருக்கலாம். ஆனால் ஐப்ரோ பார்த்துக் கற்கும் வேலை இல்லை. முதலில் சொந்தக் காலில் நூலை ஓட்டிப் பழகுவார்கள். பிறகு உடன் படிப்பவர்கள், வீட்டார், தெரிந்தவர்கள். ஐம்பது அறுபது முகமாவது கையைத் தாண்டினால்தான் நூலின் இழுப்பு சீராகும். உயிருள்ள முகத்தில் வேலை செய்ய விடாமல் குறிப்பேட்டில் எழுத வைக்கும் இடத்தில் எவ்வளவு குறைந்த கட்டணமும் வீண்தான்.

நல்ல ஐப்ரோவுக்கு மூன்று புள்ளிகள் அடையாளம். மூக்கின் ஓரத்திலிருந்து நேர் மேலே, கண்ணின் உள்முனை வழியாகக் கோடு போட்டால் புருவம் அங்கே தொடங்க வேண்டும். அதே மூக்கு ஓரத்திலிருந்து கருவிழியின் வெளி விளிம்பைத் தொட்டுப் போகும் கோட்டில் வளைவின் உச்சி. கண்ணின் வெளிமுனையைத் தொடும் கோட்டில் புருவத்தின் வால். ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைக் குறித்துக்கொள்ளாமல் கண் மதிப்பில் நூலை ஓட்டுகிறவர்களுக்கு, ஒரு பக்கத்தைச் சரிசெய்ய மறுபக்கம், அதைச் சரிசெய்ய இந்தப் பக்கம் என்று இரண்டு புருவமும் மெலிந்துகொண்டே போகும். வாடிக்கையாளரே "இன்னும் கொஞ்சம் மெலிசா எடுங்கக்கா" என்று கேட்டாலும் முதல் தடவையில் குறைவாக எடுப்பதே நல்லது. விட்ட முடியை அடுத்த வாரமும் எடுக்கலாம். எடுத்த முடி வளர வாரக்கணக்காகும், அதுவரை அந்த முகம் ஊரெல்லாம் உங்களுக்கு எதிராக விளம்பரம் செய்யும்.

தோல் கிழிவதுதான் அடுத்த தவறு. கண் இமைக்கு மேல் தோல் மெல்லியது. வாடிக்கையாளர் இரண்டு விரலால் மேலும் கீழும் தோலை இழுத்துப் பிடிக்கவில்லையென்றால் நூலின் முறுக்குக்குள் தோலும் மாட்டும். முடி வளரும் திசைக்கு எதிராக, சின்னச் சின்ன இழுப்பாக ஓட்ட வேண்டும். இழுத்த இடத்தில் லேசான சிவப்பு வருவது இயல்பு, அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். கோடு போட்டதுபோல் சிவந்து நீர் கசிந்தால் தோல் உரிந்திருக்கிறது என்று பொருள்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கம் நம் பார்லர்களில் பரவலாக இருக்கிறது. எச்சில் பட்ட நூல் இன்னொருவர் தோலில் உரசுவது தொற்றுக்கு வழி. முனையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டும் செய்யலாம், கைகளால் மட்டுமே செய்யும் முறையும் உண்டு. பயிற்சிக் காலத்திலேயே அப்படிப் பழகிவிட்டால் பிறகு மாற்றப் போராட வேண்டியதில்லை. ஒருவருக்குப் பயன்படுத்திய நூலை அவர் கண்முன்னே குப்பையில் போட வேண்டும். அதைப் பார்த்தவருக்கு நீங்கள் சுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஐப்ரோவோடு வாக்ஸிங், சாதாரண ஃபேஷியல், நேர்வெட்டு, யு வெட்டு ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால் கடை திறக்கப் போதும். ஸ்மூத்தனிங் போன்ற ரசாயன வேலைகளை ஓராண்டு கழித்து, அனுபவமுள்ளவரிடம் உதவியாளராக நின்று கற்கலாம். தோலை ஆழமாக உரிக்கும் அமிலப் பீலிங், ஊசி, லேசர் ஆகியவை மருத்துவரின் வேலை. குறுகிய வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதற்காக அதில் கை வைக்கக் கூடாது.

கிராம் கணக்கு

பொருள் செலவில் தவறு நடப்பது டப்பாவின் விலையைப் பார்ப்பதால். பார்க்க வேண்டியது ஒருவருக்கு ஆகும் விலை. கீழே வரும் விலைகள் சிறு நகரம் ஒன்றை மனத்தில் வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

ஐப்ரோவுக்கு ஒருவருக்கு இரண்டடி நூல் போதும். முந்நூறு மீட்டர் நூல்கண்டு நூறு ரூபாய் என்றாலும் அதில் சுமார் ஐந்நூறு பேருக்குச் செய்யலாம். நூலுக்கு ஆவது 20 பைசா. பவுடர், பஞ்சு, கற்றாழை ஜெல் எல்லாம் சேர்த்தால் 2 ரூபாய். கட்டணம் 50 என்றால் கையில் நிற்பது 48. ஆகும் நேரம் பத்து நிமிடம்.

இரண்டு கைக்கும் வாக்ஸிங் செய்ய ஏறக்குறைய 80 கிராம் மெழுகு வேண்டும். அறுநூறு கிராம் டின் 240 ரூபாய் என்றால் மெழுகுக்கு 32. துணிப் பட்டை ஐந்து, கையுறை, பவுடர், பிறகு தடவும் ஜெல் என்று இன்னொரு 20. மொத்தம் 52. கட்டணம் 220 என்றால் மிச்சம் 168, நேரம் நாற்பது நிமிடம்.

ஃபேஷியலில் க்ளென்சர், ஸ்க்ரப், மசாஜ் க்ரீம், பேக் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஐம்பது கிராம் அளவில் செலவாகும். டிஷ்யூ, துண்டு துவைக்கும் செலவு, ஆவி பிடிக்கும் கரண்ட் எல்லாவற்றையும் சேர்த்து 100 என்று வைப்போம். கட்டணம் 500, மிச்சம் 400, நேரம் எழுபது நிமிடம்.

இப்போது ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஐப்ரோவில் 4 ரூபாய் 80 பைசா. வாக்ஸிங்கில் 4 ரூபாய் 20 பைசா. ஃபேஷியலில் 5 ரூபாய் 70 பைசா. பத்து மடங்கு கட்டணம் வாங்கும் ஃபேஷியலுக்கும் ஐப்ரோவுக்கும் நிமிடக் கணக்கில் ஒரு ரூபாய்க்கும் குறைவான வித்தியாசம்தான். அதிலும் ஐப்ரோவுக்கு முதலீடு கிடையாது, கெட்டுப்போகும் சரக்கும் கிடையாது. 'வெறும் ஐப்ரோவுக்குத்தான் வருகிறார்கள்' என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கு தெரிந்தவர் தள்ளுபடியிலும் ஏமாற மாட்டார். ஐந்நூறு ரூபாய் ஃபேஷியலை முப்பது சதவீதத் தள்ளுபடியில் 350-க்குச் செய்தால் வாடிக்கையாளருக்கு 150 மிச்சம். உங்கள் மிச்சமோ 400-லிருந்து 250-ஆக இறங்குகிறது. பழைய வருமானத்தை எட்ட, மூன்று பேருக்குப் பதில் ஐந்து பேருக்குக் கை வலிக்கத் தேய்க்க வேண்டும். பண்டிகைக்குத் தள்ளுபடி தர ஆசைப்பட்டால் ஃபேஷியலின் விலையைத் தொடாமல், கூடவே ஒரு ஐப்ரோவை இலவசமாகச் செய்து கொடுக்கலாம். அவர்களுக்கு அது 50 ரூபாய் லாபம். உங்களுக்கு 2 ரூபாய்ப் பொருளும் பத்து நிமிடமும்தான் செலவு.

பெரிய டப்பா வாங்கினால் லாபம் என்பது இன்னொரு பொறி. இருநூறு கிராம் மசாஜ் க்ரீம் 220 ரூபாய், ஒரு கிலோ 800 ரூபாய் என்று வைப்போம். கிராமுக்கு 1 ரூபாய் 10 பைசாவும் 80 பைசாவும் ஆகிறது. பார்த்தால் கிலோதான் லாபம். ஆனால் ஒரு ஃபேஷியலுக்கு 15 கிராம், மாதம் ஐந்து ஃபேஷியல் என்றால் செலவாவது 75 கிராம். க்ரீம் டப்பாவில் மூடி திறந்த படமும் அதற்குள் 6M அல்லது 12M என்ற குறியும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் நல்லது என்பதே அதற்குப் பொருள். ஆறு மாதம் என்று போட்டிருந்தால் அதற்குள் 450 கிராம்தான் தீரும். மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அப்போது கிராமுக்கு ஆன விலை 1 ரூபாய் 78 பைசா. மாதம் எட்டுப் பேருக்கு மேல் ஃபேஷியல் செய்யும் வரை சின்ன டப்பாவே மலிவு.

திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். டப்பாவுக்குள் விரலை விடாமல் சிறு கரண்டியால் எடுங்கள். கெட்டியாகிவிட்டது என்று தண்ணீர் கலந்தால் க்ரீம் சில நாளிலேயே கெட்டுப்போகும். மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிவது, மணம் மாறுவது, ப்ளீச்சில் கட்டி தட்டுவது ஆகியவை அதைத் தூக்கிப் போட வேண்டிய நேரத்தைச் சொல்லும் அடையாளங்கள்.

சென்னை சௌகார்பேட்டை போன்ற மொத்த வியாபாரப் பகுதிகளில் விலை குறையும் என்பது உண்மை. ஆனால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இந்த நான்கும் இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பெயர் ஒட்டாத வெள்ளை டப்பாவில் வரும் 'ஒரே வாரத்தில் வெளுக்கும்' க்ரீம்கள் இதில் முதலிடம். அவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு க்ரீம் தடவினால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் விற்கிறது. சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் கூடும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் சிவப்பழகு க்ரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முகத்தில் தடவியதன் விளைவு சிறுநீரகத்தில் தெரிந்தது. பார்லர் நடத்துகிறவர் இந்த க்ரீம்களை விற்றுத் தருகிறேன் என்று கமிஷனுக்கு ஒத்துக்கொண்டால், கெட்டுப்போவது தன் தெருப் பெண்களின் முகம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருப்பி அனுப்பத் தெரிந்தவரிடமே திரும்பி வருவார்கள்

வாடிக்கையை வளர்க்க நோட்டீஸ் அடிப்பது, இன்ஸ்டாகிராமில் படம் போடுவது எல்லாம் முதல் தடவை வரவழைக்க உதவும். இரண்டாம் தடவை வருவது நாற்காலியில் நடந்ததைப் பொறுத்தது. வீட்டுப் பார்லரில் நம்பிக்கை பெரும்பாலும் 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில்தான் பிறக்கிறது.

நாளை வளைகாப்பு, இன்றைக்கு ஃபேஷியல் வேண்டும் என்று ஒருவர் வருகிறார். நெற்றியில் பரு சிவந்து சீழ் கோத்திருக்கிறது. ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் பரு உடைந்து பரவும், நாளைக்கு முகம் வீங்கும். "அக்கா, இன்னிக்கு ஃபேஷியல் வேணாம். பரு அடங்கட்டும். ஐப்ரோ மட்டும் எடுத்து விடறேன். இது குறையலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க" என்று சொன்னால் அன்றைக்கு 400 ரூபாய் போகிறது. அந்த அக்காவோ அடுத்த பல வருடங்களுக்கு உங்கள் வாடிக்கை.

எதற்கெல்லாம் 'வேண்டாம்' சொல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. பருவுக்கு ரெட்டினாய்டு களிம்பு தடவுகிறவர்களுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் தோல் இளகியிருக்கும், முகத்தில் மெழுகு போட்டால் தோலோடு வரும். மாத்திரையை நிறுத்தியும் சுமார் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதனால் வாக்ஸிங்குக்கு முன் "முகத்துக்கு ஏதாவது மருந்து போடறீங்களா?" என்று கேட்காமல் மெழுகைத் தொடக் கூடாது. ஐப்ரோவோ வாக்ஸிங்கோ செய்த அதே நாளில் அதே இடத்தில் ப்ளீச் போட்டால் எரிந்து கறுக்கும். தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்னும் ரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே சாயம் அடிக்க வேண்டும். சில நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி கோன்களிலும் இதே ரசாயனம் இருக்கக்கூடும்.

இன்னொரு நம்பிக்கை அந்தரங்கம். பெரிய பார்லருக்குப் போக வசதியிருந்தும் பல பெண்கள் வீட்டுப் பார்லரைத் தேடி வருவதற்கு அதுவே காரணம். தாடையில் முடி வளர்வதை நாலு பேர் நடுவில் காட்டக் கூசுகிறவர்கள், புர்கா அணிகிறவர்கள், மகளை முதல் தடவை அழைத்து வரும் தாய்மார்கள் இவர்களுக்கெல்லாம் தனி அறை வேண்டும். அறைக்கு வெளியிலிருந்தே வழி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூடத்தில் ஆண்கள் உட்காரும் நேரத்தை ஒதுக்கிவிட்டு மற்ற நேரத்தைச் சொல்ல வேண்டும். அனுமதி கேட்காமல் யார் முகத்தையும் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலியில் கேட்ட கதை அந்த அறையைத் தாண்டக் கூடாது. ஒரு தெருவில் பார்லர் நடத்துகிறவருக்கு எல்லா வீட்டு மாமியார் மருமகள் கதையும் தெரியும். அடுத்த வீட்டுக் கதையை உங்களிடம் சொல்கிறவர், தன் கதையை அடுத்தவரிடம் நீங்கள் சொல்வீர்களா என்றும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

வாடிக்கையை நிலைநிறுத்தும் கருவி ஒரு நீள நோட்டு. ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், போன் எண், வந்த தேதி, செய்தது என்ன, எந்தப் பொருள், சாயத்தின் எண், எதற்கு ஒவ்வாமை, புருவ வளைவு எப்படி வேண்டும் என்பது. 'இடப் புருவத்தில் தழும்பு, அங்கே எடுக்கக் கூடாது' என்று எழுதி வைத்து, அடுத்த தடவை அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொன்னால் அவர் வேறெங்கும் போக மாட்டார். இருபதாம் நாள் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி: "ஐப்ரோ பண்ணி இருபது நாளாச்சுக்கா. சனிக்கிழமை பதினோரு மணி காலியா இருக்கு, எழுதிக்கட்டுமா?" எல்லாருக்கும் ஒரே விளம்பரத்தைத் தினமும் தள்ளிவிட்டால் எண்ணை அமைதியாக்கிவிடுவார்கள். நாளும் நேரமும் குறித்த கேள்விக்குப் பதில் வரும். செவ்வாய் வெள்ளியில் முடியில் கை வைக்க மாட்டோம் என்கிற வீடுகள் இன்னும் உண்டு. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டால் அந்த நாளில் வேறு ஆளை வரச் சொல்லலாம்.

வீட்டில் நடக்கும் தொழிலுக்கே உரிய தொல்லை கடன். "சில்லறை இல்லடி, அப்புறம் தரேன்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னால் மறுக்க வாய் வராது. சித்தி பெண்ணுக்குக் காசு வாங்கவும் கூச்சம். அறைச் சுவரில் கட்டணப் பட்டியலையும் க்யூஆர் அட்டையையும் மாட்டிவிட்டால் பேச வேண்டிய பாதியை அவை பேசிவிடும். உறவினருக்குச் சலுகை தரத் தோன்றினால் தாருங்கள். ஆனால் நோட்டில் முழுக் கட்டணத்தை எழுதி, சலுகையைத் தனியே எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் உறவு எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று தெரியும்.

ஒரு மாதம், அறுபது பேர்

பத்துக்குப் பத்து அறையில் ஒருவர் தனியாக நடத்தும் பார்லரை எடுத்துக்கொள்வோம். நாற்காலி, ஃபேஷியல் கட்டில், கண்ணாடி, தள்ளுவண்டி எல்லாம் 20,000. மெழுகு சூடாக்கியும் ஆவிக் கருவியும் 2,000. துண்டும் கருவிகளும் 4,000. விளக்கு, பலகை 2,000. முதல் சரக்கு 6,000. மொத்தம் 34,000 ரூபாய். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ஐம்பதாயிரம் வரை ஈடில்லாமல் கடன் கேட்கலாம். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். உள்ளாட்சி உரிமத்தையும் மின்வாரியக் கட்டண விகிதத்தையும் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

திரும்பத் திரும்ப வருகிறவர்கள் அறுபது பேர் என்று வைப்போம். சிலர் மாதம் ஒருமுறையும் சிலர் இருமுறையும் வந்தால் தொண்ணூறு ஐப்ரோ, வருமானம் 4,500. இருபது பேர் வாக்ஸிங், 4,400. பதினைந்து ஃபேஷியல், 7,500. பன்னிரண்டு முடி வெட்டு 150 வீதம் 1,800. எட்டுப் பேருக்குச் சாயம் 300 வீதம் 2,400. ஆக 20,600 ரூபாய். பொருள் செலவு ஏறக்குறைய 3,740. கரண்ட், சலவை, போனுக்கு 1,500. கடன் தவணை சுமார் 1,000. மிஞ்சுவது 14,360. வேலை நேரத்தைக் கூட்டினால் மாதம் அறுபது மணி, அதாவது இருபத்தைந்து நாளில் நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடத்தக்கூடிய வேலை இது.

ஆனால் அந்த அறுபது பேர் முதல் மாதம் வர மாட்டார்கள். இருபது பேர்தான் என்றால் வருமானம் 6,900 அளவில் இருக்கும், பொருளும் மற்றச் செலவும் தவணையும் போக மிஞ்சுவது மூவாயிரத்தைச் சற்றுத் தாண்டும். பலர் கடையை மூடுவது இந்த இடத்தில்தான். அலங்கரித்த பெரிய அறைக்கும் விலையுயர்ந்த மேக்கப் பெட்டிக்கும் கடன் வாங்கியவருக்கு மூவாயிரம் தவணைக்கே போதாது. குறைந்த முதலில் தொடங்கியவர் காத்திருக்கலாம்.

ஆகவே தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நல்ல விளக்கு, நூல், மெழுகு, ஒரு நோட்டு இவற்றோடு மட்டும் உட்காருங்கள். நீங்கள் அழைக்காமல் தானாகத் திரும்பி வந்தவர்களின் பெயர்களை நோட்டில் எண்ணிக்கொண்டே வாருங்கள். அது முப்பதைத் தொட்ட பிறகு ஃபேஷியல் கட்டில் வாங்கலாம். மணப்பெண் அலங்காரப் பெட்டியை, அந்த முப்பது பேரில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் வந்த பிறகு வாங்கினால் போதும்.